சித்தி மகளுக்கு ஒரு கடிதம்: நெற்றியில் பொடிப் பொடியாக வரும் பருக்கள், கொடுப்பதற்கு முன் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்

செந்தூல் அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தி மகள் பட்டர்வொர்த்தில் படிவம் 3 படிக்கிறாள், வயது 15. கொஞ்ச நாளாகக் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். வீட்டு விசேஷத்தில் படம் எடுத்தால் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். "நான் அசிங்கமா இருக்கேன் அக்கா, நீங்க வேற எதாச்சும் பேசுங்க" என்று போனில் சொன்னாள். நேரில் சொன்னால் அழுதுவிடுவாள், அதனால் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள். கடிதம் கீழே.

பாப்பா,

நீ போனில் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்படியெல்லாம் இல்லை, நீ அழகுதான்" என்று சொல்லி முடித்தால் நீ நம்பமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் உன்னை எது உறுத்துகிறதோ அதைப் பற்றியே எழுதுகிறேன். நீ சொன்னவை இரண்டு: நெற்றி, நிறம். நெற்றிக்கு வழி இருக்கிறது. நிறத்துக்கு வழி தேடவே வேண்டாம், அது நோயும் இல்லை, குறையும் இல்லை. வகுப்பில் உன்னைக் கருப்பி என்று கூப்பிடும் அந்தப் பையன் செய்வது கேலி. அதை வகுப்பு ஆசிரியரிடம் சித்தி பேசட்டும், நானும் கூட வருகிறேன்.

இப்போது நெற்றி. போன முறை வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புருவத்துக்கு மேலிருந்து தலைமுடி தொடங்கும் கோடு வரை பொடிப் பொடியாக இருக்கிறது. கன்னத்தில் ஒன்றுமில்லை, மூக்கில் ஒன்றிரண்டுதான். நெற்றியில் மட்டும் இவ்வளவு வருகிறது என்றால் தலையிலிருந்து ஏதோ இறங்குகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். பாட்டி தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னி விடுகிறார். அதோடு படுக்கிறாய், எண்ணெய் தலையணை உறைக்குப் போய், அங்கிருந்து முகத்துக்கு வருகிறது. காலையில் அதே எண்ணெய்த் தலையில் ஹெல்மெட் போட்டு சித்தப்பாவோடு மோட்டாரில் பள்ளிக்குப் போகிறாய். ஹெல்மெட் உள்பஞ்சு நெற்றியில் அழுந்தி வியர்க்கிறது. பருவைக் காட்டக்கூடாது என்று முன்முடியை வெட்டி நெற்றியில் விட்டிருக்கிறாய், அதுவும் எண்ணெய் முடி. மறைக்க வைத்த முடிதான் கூட்டுகிறது.

பாட்டியிடம் எண்ணெயே வேண்டாம் என்று சொல்லாதே, மனம் நொந்துவிடும். சனிக்கிழமை மட்டும் தேய்க்கட்டும், காதுக்குக் கீழே உள்ள முடிக்குத் தேய்க்கட்டும், ஒரு மணி நேரத்தில் ஷாம்பு போட்டு அலசிவிடு. ராத்திரி படுக்கும்போது முன்முடியை கிளிப் போட்டு மேலே தூக்கிவிடு. தலையணை உறையை வாரம் இரண்டு முறை மாற்று. ஹெல்மெட் உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணி வைத்து, அதைத் தினமும் துவைத்துக்கொள்.

முகத்தை நீ ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கழுவுகிறாய், அதுவும் உடம்புக்குப் போடும் சோப்பால். கழுவியதும் தோல் இழுக்கிறது என்றாயே, அது சுத்தத்தின் அடையாளம் இல்லை, தோல் காய்ந்து எரிச்சல் ஆகிறது என்பதன் அடையாளம். காலை ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, விளையாடி வியர்த்தால் இன்னொரு முறை, அவ்வளவு போதும். நுரை குறைவான, வாசனை இல்லாத பேஸ் வாஷ் வாங்கித் தருகிறேன். விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்து அலசு, உனக்கென்று தனித் துண்டால் ஒற்றி எடு. குளிக்கும்போது முதலில் தலை, கடைசியில் முகம். ஷாம்புவும் கண்டிஷனரும் நெற்றி வழியாக இறங்கித் தங்கியிருக்கும், கடைசியில் முகம் கழுவினால் அதுவும் போய்விடும்.

அக்குள் வியர்வை வாடை பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டாய். இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான். குளித்து நன்றாகத் துடைத்து, ராத்திரி படுக்கும் முன் காய்ந்த தோலில் வியர்வையைக் குறைக்கும் ரோல்-ஆன் போடு. காலையில் அவசரத்தில் ஈரத்தின் மேல் போட்டால் அது சரியாக வேலை செய்யாது. பள்ளிச் சட்டையை இரண்டாம் நாளும் போடாதே. துவைத்தும் வாடை போகாத சட்டை என்றால் அக்குள் பகுதியில் சோப்புத் தூள் தேய்த்து அரை மணி நேரம் ஊறவைத்துத் துவை.

கடைசியாக அந்தக் குட்டிக் கிரீம் டப்பா. பாசார் மாலாமில் தோழி வாங்கித் தந்தாள் என்றாயே, மூடியில் ஒரு பெண் படம் மட்டும், என்ன கலந்திருக்கிறது என்று ஒரு எழுத்தும் இல்லை. அதைத் தயவு செய்து நிறுத்து, தூக்கிப் போடாமல் எனக்காக எடுத்து வை. நான் வந்து பார்க்கிறேன். உன்னைத் திட்டமாட்டேன், சித்தியிடமும் நீ சொல்லும் வரை சொல்லமாட்டேன்.

உன் அக்கா

---

பிறை தமிழ்மணி

நல்ல கடிதம், ஆனால் எண்ணெயைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கிப் புரதம் போகாமல் காக்கும், அதை ஆராய்ச்சியிலேயே காட்டியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 70 வயது, தினமும் எண்ணெய், முகத்தில் ஒரு பரு வந்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாப்பிடும் வறுத்த கோழிதான் காரணம்.

---

மருந்துக்கடை மீனா

தமிழ்மணி அண்ணே, முடிக்கு நல்லது என்பது உண்மைதான். அது முடிக்கு. நெற்றித் தோல் வேறு. அங்கே துவாரம் அடைபட்டால் பரு வரும், அதுவும் 15 வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் வேலை செய்யும்போது. உங்கள் அம்மாவின் வயதில் அந்தச் சுரப்பு குறைந்துவிடும், அதனால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

அக்கா, நான் பினாங்கில் பார்மசிஸ்ட். கடிதம் பெரும்பாலும் சரி. ஒன்று கேட்க வேண்டும், மருந்து வாங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். அந்தப் பொடிப் பரு அரிக்கிறதா? எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா, இல்லை சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கிறதா? நடுவில் கரும்புள்ளி, வெண்புள்ளி தெரிகிறதா? தலையில் பொடுகு உண்டா?

---

செந்தூல் அக்கா

இப்போதுதான் போனில் கேட்டேன். வியர்த்தால் அரிக்கிறதாம். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் கடுகு அளவில் ஒன்று போலத்தான் தெரிகிறது. கரும்புள்ளி மூக்கில் மட்டும். பொடுகு இருக்கிறது, பாட்டி அதற்குத்தான் எண்ணெயே வைக்கிறாராம், தலை காய்ந்திருக்கிறது என்று.

---

மருந்துக்கடை மீனா

அப்படியானால் இரண்டு சாத்தியம். ஒன்று நீங்கள் எழுதியது, எண்ணெயால் அடைபட்டு வரும் பரு. இன்னொன்று, பார்ப்பதற்குப் பரு மாதிரி இருந்தாலும் பரு இல்லை. நம் எல்லோர் தோலிலும் மலசேசியா என்று ஒரு ஈஸ்ட் வாழ்கிறது. சூடும் ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் அது முடிக் குழிக்குள் பெருகி, ஒரே அளவில் அரிக்கும் பொடிக் கட்டிகள் வரும். நெற்றி, மேல் முதுகு, மார்பு, இந்த மூன்றும் அதற்குப் பிடித்த இடம். நம் ஊர்ப் புழுக்கத்தில் நிறையப் பார்க்கிறேன்.

அதே ஈஸ்டுக்குப் பொடுகிலும் பங்கு உண்டு. அதற்கு எண்ணெய்தான் சாப்பாடு. பாட்டி பொடுகைப் பார்த்துத் தலை காய்ந்திருக்கிறது என்று நினைத்து எண்ணெய் வைக்கிறார், அது இன்னும் பெருகுகிறது. பாட்டிக்கு இதைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

எப்படியிருந்தாலும் பொடுகுக்கு கீட்டோகோனசோல் 2% ஷாம்பு பார்மசியில் கேளுங்கள். வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம் வரை. எல்லோரும் செய்யும் தவறு, போட்டவுடன் அலசிவிடுவது. நுரை தலையில் 3 முதல் 5 நிமிடம் நிற்க வேண்டும். மற்ற நாட்களில் வழக்கமான ஷாம்பு. பொடுகு குறையும்போது நெற்றியும் சேர்ந்து அடங்கினால் அதுவே ஒரு தடயம்.

---

ஈப்போ ராஜா

மீனா சொல்வது எனக்கு நடந்தது. உணவு டெலிவரி ஓட்டுகிறேன், நாள் முழுக்க ஜாக்கெட். முதுகு முழுக்கப் பொடிப் பரு. ஒரு கிளினிக்கில் பரு என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தார்கள், மாதக் கணக்கில் சாப்பிட்டேன், கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு வேறு டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஈஸ்ட் என்றார், அதற்கு மருந்து கொடுத்ததும் வடிந்தது. அதனால் அக்கா, தங்கச்சிக்கும் நேராகப் பூஞ்சை மருந்தே வாங்கித் தடவுங்கள், டாக்டருக்கு ஏன் காசு?

---

மருந்துக்கடை மீனா

ராஜா, உங்களுக்கு அது சரியான நோய், சரியான மருந்து. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் குறைக்கும்போது ஈஸ்டுக்குப் போட்டி இல்லாமல் போகிறது, அதனால்தான் கூடியிருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நெற்றி, உங்களுக்கு முதுகு. இரண்டும் கலந்தும் இருக்கலாம், படத்தைப் பார்த்து நான் முடிவு சொல்லமாட்டேன். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான், அதனால் காசு ஒரு காரணம் இல்லை.

அக்கா, கிளினிக் போகும்போது அவள் தடவும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், எண்ணெய் பாட்டில், சோப்பு, பவுடர் உட்பட. அந்தக் குட்டி டப்பாவை மறக்காதீர்கள். எனக்கு நெற்றியைவிட அதுதான் கவலை.

---

தாமான் தாய்

என் மகளுக்கும் இதே வயது. நீங்கள் எல்லோரும் பருவைப் பற்றியே பேசுகிறீர்கள், பிள்ளை கேட்டது நிறம் அல்லவா? பப்பாளி சோப்பு போட்டால் இரண்டு வாரத்தில் கலர் வரும், என் பக்கத்து வீட்டில் விற்கிறார்கள். அப்புறம் என் மகளுக்குக் கழுத்து மட்டும் கருப்பாக இருக்கிறது, எலுமிச்சையும் சீனியும் போட்டுத் தேய்க்கிறேன், போகமாட்டேன் என்கிறது.

---

செந்தூல் அக்கா

அக்கா, நிறத்தை மாற்றும் வழி நான் கேட்கவே இல்லை, அவளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. எங்கள் வீட்டில் பாதிப் பேர் அந்த நிறம்தான், அம்மாவும் சேர்த்து. பப்பாளி சோப்பு என்று சொன்னால் நெற்றிக்காக நான் எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் பிடித்துக்கொள்வாள்.

---

மருந்துக்கடை மீனா

தாமான் தாய் அக்கா, எலுமிச்சையை இன்றே நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாறு போட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிப் பழுப்புத் திட்டு விழும். கழுத்துக் கருப்பு தொட்டால் வெல்வெட் துணி மாதிரித் தடிப்பாக இருக்கிறதா? அக்குளிலும் இருக்கிறதா? அப்படியானால் அது அழுக்கே இல்லை, தேய்த்தால் இன்னும் தடிக்கும். பல பிள்ளைகளுக்கு உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் வெளி அடையாளம் அது. வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர் இருந்தால் கட்டாயம் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இப்போது அந்த டப்பா. ஓரிரு வாரத்தில் முகம் பளிச்சென்று வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். அவ்வளவு வேகமாக வெளுக்கும் கிரீம்களில் பல முறை பாதரசமோ, ஹைட்ரோகுயினோனோ, பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீராய்டோ பிடிபட்டிருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான NPRA அப்படிப்பட்ட பொருட்களின் பதிவை ரத்து செய்து பெயரோடு அறிவிக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், துண்டு, தலையணை வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் போகும். ஸ்டீராய்டு முதலில் பருவை அடக்குவது மாதிரி காட்டும், நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்து பொடிப் பரு வெடித்துக் கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பவும் அதே கிரீமைத் தடவுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கடிதத்தில் "நிறுத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு, நிறுத்திய பிறகு முகம் மோசமானால் பயப்படாமல் உடனே உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு நாளாகத் தடவுகிறாள் என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

---

பிறை தமிழ்மணி

கடையில் வாங்கும் கிரீம் நல்லதா கெட்டதா என்று நம்மால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? எல்லாவற்றிலும் ஏதோ நம்பர் அச்சடித்துத்தான் இருக்கிறது.

---

மருந்துக்கடை மீனா

நல்ல கேள்வி அண்ணே. இங்கே விற்கும் அழகுப் பொருளுக்கு NOT என்று தொடங்கி K என்று முடியும் ஒரு எண் இருக்கும். அதை quest3plus.bpfk.gov.my பக்கத்தில் தேடிப் பார்க்கலாம். எண் இருந்தால் மட்டும் போதாது, திரையில் வரும் பெயரும் நிறுவனமும் டப்பாவில் இருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும், வேறு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்கள் உண்டு. பொருந்தினாலும், அந்த எண் நிறுவனம் தகவல் கொடுத்துப் பதிந்ததைத்தான் காட்டுகிறது. ஒவ்வொரு டப்பாவையும் அரசாங்கம் பரிசோதித்துவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணே இல்லாத டப்பா என்றால் யோசிக்கவே வேண்டாம்.

---

செந்தூல் அக்கா

டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினாள். எண் இல்லை, பொருட்கள் பட்டியல் இல்லை. மூன்று மாதமாகத் தடவுகிறாளாம், ராத்திரி மட்டும். நிறுத்திவிட்டேன் என்று சொல்கிறாள். சித்தியிடம் சொல்ல அவளே ஒப்புக்கொண்டாள், நான் பக்கத்தில் இருக்கும்போது சொல்வதாக.

ஒரு கேள்வி. பருவுக்கு பென்ஸாயில் பெராக்சைடு ஜெல் நல்லது என்று தோழி சொன்னாள். இந்த நிலையில் தொடங்கலாமா?

---

மருந்துக்கடை மீனா

இப்போது வேண்டாம். கிரீமை நிறுத்திய தோல் ஏற்கனவே எரிச்சலில் இருக்கும், அதன் மேல் இதைப் போட்டால் எது எதனால் என்றே தெரியாது. டாக்டர் பார்த்து, பருதான் என்று சொன்னால் 2.5% போதும், 10% வாங்கினால் சீக்கிரம் சரியாகும் என்பது இல்லை, தோல்தான் உரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி, பட்டாணி அளவு எடுத்து நெற்றி முழுக்க மெல்லியதாகத் தடவ வேண்டும், பரு மேல் மட்டும் புள்ளி வைப்பதில்லை. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், பிள்ளைகள் இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். துணியை வெளுத்துவிடும், அதனால் வெள்ளைத் தலையணை உறை, வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளிப் பினஃபோரின் நீலத்தில் பட்டால் கறை போகாது.

கிள்ளக்கூடாது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லையே, சேர்த்துவிடுங்கள். நம் நிறத்துத் தோலில் பரு போனாலும் கருந்தழும்பு மாதக் கணக்கில் நிற்கும், கிள்ளினால் இன்னும் ஆழமாக விழும். வெயிலும் அதைக் கருக்க வைக்கும். SPF 30 அல்லது அதற்கு மேல், ஜெல் மாதிரி இருக்கும் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். சிலது நம் முகத்தில் சாம்பல் பூசியது போல நிற்கும், அப்படி ஒன்றைக் கொடுத்தால் அவள் இரண்டாம் நாள் போடமாட்டாள். கடையில் அவள் தாடையில் கொஞ்சம் தடவி, வெளியே வெளிச்சத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.

---

ஈப்போ ராஜா

ஹெல்மெட்டுக்கு ஒன்று சொல்கிறேன். உள்பஞ்சு கழற்றும் வகையாக இருந்தால் வாரம் ஒரு முறை ஷாம்பு போட்டு அலசி நிழலில் காய வையுங்கள். கழற்ற முடியாத வகை என்றால் அந்தப் பருத்தித் துணிதான் வழி. ஈரத் தலையோடு மட்டும் ஹெல்மெட் போடக்கூடாது.

---

பிறை தமிழ்மணி

வறுத்த கோழி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

---

மருந்துக்கடை மீனா

எண்ணெய்ப் பலகாரம் நேராகப் பருவாக மாறுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை அண்ணே. சர்க்கரை நிறைந்த பானங்கள், பால் ஆகியவற்றுக்கும் பருவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அதிலும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மைலோவையும் தே தாரிக்கையும் ஒரு மாதம் குறைத்துப் பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் அவள் சாப்பிடும்போதெல்லாம் "இதனால்தான் உனக்குப் பரு" என்று யாரும் சொல்லாமல் இருந்தால் போதும்.

---

தாமான் தாய்

மகள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரிதான் தடிப்பாக இருக்கிறது. அக்குளிலும் இருக்கிறது. என் மாமியாருக்கு இனிப்பு நீர். வெள்ளிக்கிழமை கிளினிக் போகிறோம். பள்ளி இருப்பதால் சாயங்காலம் போகலாமா, காலையில் வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா?

---

மருந்துக்கடை மீனா

முதல் நாள் டாக்டரைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் போகலாம். வெறும் வயிற்றுப் பரிசோதனை வேண்டுமென்றால் அவர்களே தேதி கொடுப்பார்கள், அன்றைக்குக் காலையில் பசியாறாமல் அழைத்துப் போங்கள், தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

---

செந்தூல் அக்கா

கடிதத்தைத் திருத்திவிட்டேன். எண்ணெய்தான் காரணம் என்று அடித்துச் சொன்ன இடத்தில், எண்ணெயாகவும் இருக்கலாம், ஈஸ்டாகவும் இருக்கலாம், டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று மாற்றினேன். கிள்ளாதே என்பதையும், கிரீமை நிறுத்திய பிறகு முகம் சிவந்தால் எனக்கு உடனே போன் செய் என்பதையும் சேர்த்தேன். முன்முடியை உடனே மேலே தூக்கச் சொல்லவில்லை. பள்ளியில் நெற்றியைக் காட்ட அவளுக்கு இன்னும் மனம் வராது. வீட்டிலும் தூங்கும்போதும் கிளிப், பள்ளிக்கு முடியை விட்டுக்கொள், ஆனால் எண்ணெய் இல்லாத முடியாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறேன்.

பாட்டியிடம் நேற்றே போனில் பேசினேன். பொடுகுக்கு எண்ணெய் வைத்தால் கூடும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஷாம்பு போட்டுப் பார்க்கும் நான்கு வாரம் வரை தலையைத் தொடமாட்டேன், அதற்கப்புறம் பார்க்கலாம் என்கிறார்.